அவளுடைய மானிட்டர், என்னுடைய ஸ்கோப்

அந்த மானிட்டர் வந்து இறங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் எல்லாமே பொய்யாகிவிடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் நான் எடிட்டர். கேமராக்காரர்கள் எடுத்து வரும் படத்தை வெட்டிக் கோத்து, வெளிச்சமும் நிறமும் சரிசெய்து, பாட்டுப் போட்டுக் கொடுப்பது என் வேலை. பல வருஷமாக அந்த மாடி அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். பிறகு வானூரிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. புது மானிட்டர் நேராக அவள் மேஜைக்குப் போனது.

பெரிய மானிட்டர். லேசாக வளைந்திருக்கும். பெட்டியைப் பிரித்து ஓடவிட்டதும் அறையே பளபளவென்று ஆனது. ஸ்டுடியோ ஓனரை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய மனுஷன் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘எனக்கு?’ என்று நான் கேட்கவில்லை. என் மூஞ்சியே கேட்டிருக்கும். உனக்குத்தான் அந்தக் கோடு கோடாகப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, உனக்கு எந்த மானிட்டராக இருந்தால் என்ன என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சுதான். அதனால்தான் கூடுதலாக எரிந்தது.

அந்தக் கோடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் பழைய மானிட்டர் வயசாகி மஞ்சளடித்துப் போயிருந்தது. மெதுவாக மஞ்சளாகிற திரையைத் தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது, பழகிவிடும். படம்தான் மஞ்சளாக இருக்கிறது என்று நம்பி நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அப்படிச் செய்த ஒரு கல்யாணப் படத்தை அந்த வீட்டு டிவியில் போட்டபோது, பெண்ணும் மாப்பிள்ளையும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து உட்கார வைத்தவர்கள்போல இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்ணை நம்புவதை விட்டேன். எடிட்டிங் சாஃப்ட்வேரிலேயே ஸ்கோப் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யப் பழகினேன்.

அதில் ஒன்று வேவ்ஃபார்ம். படத்தின் இடது பக்கம் இருப்பது அதிலும் இடது பக்கம், வலது பக்கம் இருப்பது வலது பக்கம். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு உயரம். அடியில் பூஜ்யம், அது முழுக் கறுப்பு. மேலே நூறு, அது முழு வெள்ளை. வெள்ளைப் புடவை நூறுக்குக் கொஞ்சம் கீழே நின்றால் மடிப்பும் சரிகையும் தெரியும். நூறில் போய் முட்டித் தட்டையாக நின்றால் அங்கே துணியே இல்லை, வெறும் வெளுப்பு. மாநிற முகத்தில் வெளிச்சம் விழும் பக்கம் ஐம்பதைச் சுற்றி நிற்க வேண்டும். இதையே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பக்கம் பக்கமாகவும் பார்க்கலாம். உண்மையிலேயே வெள்ளையான பொருளுக்கு மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கும். நீலம் மட்டும் தாழ்ந்திருந்தால் படத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று வெக்டர் ஸ்கோப், வட்டமாக இருக்கும். நடுப்புள்ளியில் நிறமே கிடையாது. எந்தத் திசையில் புள்ளிகள் விரிகின்றனவோ அந்த நிறம், நடுவிலிருந்து எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு அழுத்தம். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருப்பார்கள், மனுஷத் தோலின் கோடு. கறுத்த பெண்ணாக இருந்தாலும் சிவந்த பெண்ணாக இருந்தாலும் முகம் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். மாறுவது வெளிச்சத்தின் உயரம் மட்டுந்தான். எங்கள் தொழிலில் ‘பொண்ணைக் கொஞ்சம் கலராக் காட்டுங்க’ என்று கேட்காத வீடு இல்லை. அந்த வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்களை நினைத்துச் சிரிப்பு வரும்.

வானூர்க்காரி இதையெல்லாம் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். கடையிலிருந்து வந்தபடியே இருந்த மானிட்டர், பளிச்சென்று நீலம் அடிக்கும், வெளிச்சம் முழுசாக ஏற்றி வைத்திருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, உதட்டைக் கடித்து, ஏதோ கோலத்துக்குக் கலர்ப்பொடி தூவுவதுபோலத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். ‘இப்பப் பாருங்கக்கா, சூப்பரா இல்ல?’ என்பாள். அந்த மானிட்டரில் சூப்பராகத்தான் இருக்கும். பார்க்க வருகிற கல்யாண வீட்டுக்காரர்களும் அதில்தான் பார்ப்பார்கள். அந்தப் பொண்ணுக்குக் கண்ணு இருக்கு என்பார்கள். எனக்கு என்ன, முகத்தில் இருப்பது புண்ணா? போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்க, என் பக்கம் வந்தவர்கள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள்.

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். காலையில் வந்ததும் எனக்கும் சேர்த்து டீ சொல்வாள். ஊரிலிருந்து வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொண்டு வந்து பாதியை என் மேஜையில் கொட்டுவாள். அதைத் தின்றுகொண்டேதான் அவளைப் பார்த்துப் பொருமுவேன்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணா திண்டிவனத்தில் கிளை போடப் போவதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கடை பார்த்தாகிவிட்டது, எங்கள் இருவரில் ஒருத்தி அங்கே தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீடு திண்டிவனத்தில். இத்தனை வருஷமும் காலையில் ரயிலோ பஸ்ஸோ பிடித்து விழுப்புரம் வந்து, சாயங்காலம் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பிள்ளைக்குப் போனில் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு போகிறவள் நான். அந்தக் கடை எனக்குத்தான் என்று அன்றே மனசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வானூரிலிருந்தும் திண்டிவனம்தான் கிட்டம் என்று அவள் சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள். சும்மாவா சொன்னாள்? அன்று ராத்திரி முழுக்க அதையே புரட்டிக்கொண்டு கிடந்தேன்.

கொஞ்ச நாளில் கண்டாச்சிபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் படம், வானூர்க்காரி செய்தது. வீட்டு டிவியில் ஒரே இருட்டாக இருக்கிறதாம், அத்தைமார் மூஞ்சியெல்லாம் அடையாளமே தெரியவில்லையாம். அவள் தன் மானிட்டரில் போட்டுக் காட்டினாள், ஜோராக இருந்தது. உங்கள் டிவியில் செட்டிங் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாவம், அவரும் தன் டிவிமேல்தான் குற்றம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? அவள் சாப்பிடப் போனதும் அந்தப் படத்தை என் கணினியில் திறந்து ஸ்கோப்பைப் போட்டேன். மொத்தப் படமும் பாதிக்குக் கீழே படுத்துக் கிடந்தது. முகங்கள் முப்பதைத் தாண்டவில்லை. தலைமுடியும் நிழலும் பூஜ்யத்தில் அமுங்கி ஒரே கோடாகியிருந்தன. காரணம் எனக்கு அந்த நொடியே புரிந்தது. திரை ரொம்ப வெளிச்சம், அதனால் படத்தை இருட்டாக்குகிறாள். திரையில் நீலம் தூக்கல், அதனால் படத்தில் மஞ்சள் ஏற்றுகிறாள். திரையின் கோளாறுக்குப் படம் அபராதம் கட்டுகிறது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. ஓடிப்போய் அண்ணாவைக் கூட்டி வந்து ஒவ்வொரு கோடாகக் காட்டினேன்.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “இன்னாம்மா, வயித்தெரிச்சலா?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

வயிற்றெரிச்சல்தான். இல்லையென்று எந்தக் கோயிலில் சூடம் அணைப்பேன்? ஆனால் என் வயிறு எரிகிறது என்பதற்காக அந்த முகம் முப்பதிலிருந்து ஐம்பதுக்கு ஏறிவிடுமா? நான் பொறாமைக்காரி என்பதும் உண்மை, படம் இருட்டு என்பதும் உண்மை. இரண்டில் ஒன்று இருந்தால் மற்றது இருக்கக் கூடாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்தப் படத்தை மூடிவிட்டு என் வேலையைப் பார்க்க உட்கார்ந்தேன்.

பிறகுதான் அந்தக் கல்யாணம் வந்தது. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் கத்தோலிக்கக் குடும்பம், ஊரில் பாதிப் பேருக்குப் பழக்கமானவர்கள். காலையில் சர்ச்சில் திருமணம், அன்று சாயங்காலமே மண்டபத்தில் வரவேற்பு. காலையில் எடுத்ததைச் சாயங்காலத்துக்குள் சின்னப் படமாக்கி, மேடைக்குப் பின்னால் நிறுத்தும் எல்இடி சுவரில் ஓட்ட வேண்டும். இது நன்றாக வந்தால் கிளைக்கு வேறு விளம்பரமே வேண்டாம் என்றார் அண்ணா. யாருக்குக் கிளை என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் வேலையைப் பிரித்த விதத்திலேயே சொல்லிவிட்டார். வெட்டுவது நான், நிறம் போடுவது அவள்.

சாமான் ஏற்ற வேண்டும் என்று என்னை விடியற்காலையிலேயே விழுப்புரத்துக்கு வரவழைத்திருந்தார்கள். காரில் போகும்போது மானிட்டருக்கு முன் சீட், பெல்ட்டெல்லாம் போட்டு. அவளுக்கு அதன் பின்னால் ஜன்னலோரம். எனக்கு ட்ரைபாட் மூட்டைகளுக்கு நடுவில். திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் ஒரு கால் மரத்துப்போனது. என் வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் வண்டி போனது. அந்தத் தெருக்காரி மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருப்பது யாருக்காவது தெரிந்ததா என்று பார்த்தேன். நல்லவேளை, யாரும் இல்லை.

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கிய ஓர் அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் நான் வெட்டி முடித்து அவளிடம் தள்ளினேன். அவள் நிறம் போடப் போட, என் மடிக்கணினியில் அதே காட்சிகளை வாங்கி ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பீடத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றுகிற காட்சி. பெண் கட்டியிருந்தது வெள்ளைப் புடவை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணத்தில் சர்ச்சுக்குப் பெண் வெள்ளைப் புடவையில்தானே வருவாள். அந்தப் புடவை இருந்த இடத்தில் சிவப்பு உயரத்தில் நிற்க, நீலம் எங்கோ கீழே தொங்கியது. அகப்பட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு இன்றைக்குத்தான் பலன்.

இந்தத் தடவை தனியாகச் சொல்லவில்லை. அண்ணாவைக் கூப்பிட்டு, அவளையும் வைத்துக்கொண்டு, பாருங்கள், வெள்ளைப் புடவையில் இவ்வளவு மஞ்சள், நான் சரிசெய்து காட்டுகிறேன் என்று மூன்று நிறத்தையும் புடவையில் ஒரே உயரத்துக்கு இழுத்து நிறுத்தினேன். நிறுத்திய அடுத்த நிமிஷமே வெக்டர் ஸ்கோப் என்னைக் காட்டிக்கொடுத்தது. கோட்டின்மேல் படிந்திருக்க வேண்டிய முகம், சிவப்புப் பக்கம் சாய்ந்து நடுப்புள்ளியை நோக்கிச் சுருங்கிக்கொண்டு போனது. திரையில் மணப்பெண் சாம்பல் பூசி நின்றாள். மாப்பிள்ளைக்கு உதடு ஊதாவாகியிருந்தது.

“அது வெள்ளை இல்லக்கா, சந்தனக் கலரு,” என்றாள் வானூர்க்காரி. “காலையில மேக்கப் ரூம்ல நான்தான முந்தானைய மடிச்சிப் பின்னு குத்திவிட்டுக்கினு இருந்தேன்.”

அவ்வளவுதான். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். வெள்ளைப் புடவை என்று ஸ்கோப் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அந்தத் துணி இயல்பிலேயே மஞ்சள் கலந்தது. அதைப் போய் வெள்ளையாக்கினால் படத்தில் இருக்கிற எல்லோரும் நீலத்தைக் குடிக்க வேண்டியதுதான். அவள் அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

அண்ணா வெளியே போகத் திரும்பினார். அப்போதுதான் எனக்குப் பீடத்து விரிப்பு கண்ணில் பட்டது. அதே காட்சியில், பெண்ணுக்குப் பின்னால், சலவை செய்து விரித்த சுத்த வெள்ளைத் துணி. அதைச் சந்தனம் என்று யாராலும் சொல்ல முடியாது. என் திருத்தத்தை அழித்துவிட்டு, அவள் போட்ட நிறத்தில் அந்த விரிப்பை மட்டும் பார்த்தேன். அங்கேயும் நீலம் தாழ்ந்துதான் இருந்தது. புடவை அளவுக்கு இல்லை, ஆனால் தாழ்ந்திருந்தது. விரிப்பில் மூன்றையும் சமமாக்கினேன். புடவை சந்தன நிறத்திலேயே நின்றது, முகங்கள் தாமாகப் போய்க் கோட்டில் உட்கார்ந்தன. பிறகு வெளிச்சத்தைத் தூக்கி, முப்பதில் கிடந்த முகத்தை ஐம்பதுக்குக் கொண்டு வந்தேன். புடவை நூறைத் தொடவில்லை, ஒரு மடிப்பு விடாமல் தெரிந்தது. விரிப்பு, புடவை, தோல், மூன்றும் ஒத்துப்போகிற ஒரே இடம் அதுதான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அண்ணாவைத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் வாசலிலேயே நின்றார்.

“இப்பதான ஒண்ணு காட்டின, மூஞ்சி செத்துப் போச்சி. விடும்மா, பேஜாரு பண்ணாத. கூட்டம் வந்துக்கினு இருக்குது,” என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து ஜல்தியாக அனுப்பச் சொன்னார். அவள் போட்டதே போனது.

அது எல்இடி சுவரில் ஓடியது. என் தலையெழுத்தைப் பாருங்கள், அந்தச் சுவரும் கண்டபடி வெளிச்சம், கண்டபடி நீலம். அவள் மானிட்டரின் பெரியப்பா மகன் மாதிரி. அவள் எந்தக் கோளாறுக்காகப் படத்தை இருட்டாக்கி மஞ்சளாக்கினாளோ அதே கோளாறு அதிலும் இருந்தது. தப்பும் தப்பும் கூடி அத்தனை அழகாக இருந்தது. பெண்ணின் முகம் அவ்வளவு பெரிய சுவரில் பொன்னாக நின்றது. மண்டபமே கை தட்டியது. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, யார் செய்தது என்று கேட்டு, வானூர்க்காரியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரலைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தார். அண்ணா எல்லோர் எதிரிலும், திண்டிவனம் கிளையை இந்தப் பொண்ணுதான் பார்த்துக்கொள்ளப் போகிறது என்று அறிமுகப்படுத்தினார். நான் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

அங்கிருந்து என் வீடு நடக்கிற தூரம். நடந்துதான் போனேன். என் ஊரில், என் தெருவுக்குப் பக்கத்தில், நான் உட்கார வேண்டிய நாற்காலி. அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

முழுப் படமும் பென் டிரைவில் அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு பெண்ணின் அப்பா, அந்த மண்டிக்காரர், அண்ணாவுக்குப் போன் செய்தார். அன்றைக்கு மண்டபத்தில் பார்த்தது வேறு, இது வேறு என்றார். டிவியில் போட்டால் எல்லோரும் மஞ்சத் தண்ணியில் முங்கி எழுந்து இருட்டில் நிற்கிறார்களாம். மகள் வீட்டு டிவியிலும் அப்படித்தானாம். கண்டாச்சிபுரத்துக்காரருக்குச் சொன்ன பதிலை மண்டிக்காரரிடம் சொல்ல முடியாது, ஊரில் பாதிப் பேரிடம் அவர் வாய் போகும். அண்ணா தன் போனில் பார்த்தார், வீட்டு டிவியில் பார்த்தார், என் மானிட்டரில் பார்த்தார். கடைசியில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கோடு என்னம்மா சொல்லுது என்று கேட்டார்.

பீடத்து விரிப்பிலிருந்து தொடங்கி மொத்தப் படத்தையும் ஸ்கோப்பை வைத்தே திருப்பிச் செய்து கொடுத்தேன். எந்த டிவியில் போட்டாலும் பெண் பெண்ணாக இருந்தாள். மண்டிக்காரர் போன் செய்து, இப்போதுதான் என் மகள் மாதிரி இருக்கிறாள் என்றார். போன் செய்தது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? வானூர்க்காரிக்கு. அக்காதான் செய்தார்கள் என்று அவள் சொன்னாளாம். தன்னடக்கமான பிள்ளை என்று அதற்கும் அவளுக்கே பாராட்டு.

கிளையை மாற்றித் தர முடியாது என்று அண்ணா சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை, ஜனங்களுக்கும் அந்தப் பெண்ணிடம் சிரித்துப் பேசப் பிடிக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு சட்டம் போட்டார். இரண்டு கடையிலிருந்தும் எந்தப் படம் வெளியே போனாலும் நான் ஸ்கோப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் போக வேண்டும். ஆக, அவள் தினமும் என் ஊருக்குப் போய் நிறம் போடுவாள், நான் தினமும் அவள் இருக்கும் ஊரிலிருந்து விழுப்புரம் வந்து அதில் குற்றம் கண்டுபிடிப்பேன். கேட்கவே சிரிப்பாக இல்லை?

ஆனால் குற்றம் கண்டுபிடிப்பதில் எனக்கு ஈடு கிடையாது. அவள் அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும் வாட்ஸ்அப்பில் வரி வரியாக எழுதுவேன். தாலி கட்டும் இடத்தில் ஐயர் வேட்டியைப் பார், நீலம் தாழ்ந்திருக்கிறது. ஹோமத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை முகம் நாற்பதில் கிடக்கிறது, தூக்கு. பட்டுப்புடவையின் சிவப்பு வட்டத்தைத் தாண்டி ஓடுகிறது, குறை. பெண்ணின் தங்கை முகம் கோட்டை விட்டுப் பச்சைப் பக்கம் போகிறது, அது சீரியல் லைட், அந்த இடத்தை மட்டும் பிரித்து எடு. எதையும் விட மாட்டேன். அவள் மனசு நோக வேண்டும் என்றுதான் அவ்வளவு விளக்கமாக எழுதினேன். அவள் ஒவ்வொன்றுக்கும், சரிங்கக்கா, பார்க்கிறேங்கக்கா என்று பதில் போடுவாள். ஒரு தடவைகூட ஏனென்று கேட்கவில்லை.

நாளாக ஆக என் வரிகள் குறைந்தன. அது எனக்கு முதலில் உறைக்கவில்லை. பத்து வரி ஐந்தாகி, ஐந்து இரண்டாகி, போன வாரம் பிரம்மதேசத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. திறந்தேன். வெள்ளை வேட்டியில் மூன்று நிறமும் ஒரே உயரம். பந்தல் நிழலில் நின்றவர்களின் முகமும் வெயிலில் நின்றவர்களின் முகமும் அதனதன் உயரத்தில். பெண் நல்ல கறுப்பு, மாப்பிள்ளை சிவப்பு, இரண்டு முகமும் அந்த ஒரே கோட்டில் ஒன்றாகப் படிந்திருந்தன. முதலிலிருந்து கடைசிவரை ஓட்டினேன். சாப்பிட்டு வந்து திரும்ப ஓட்டினேன். காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால்கூடப் போதும் என்று தேடினேன். நானே செய்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். இதைவிடச் சுத்தமாக இருந்திருக்காது.

அண்ணா எட்டிப் பார்த்து, வாடிக்கையாளர் காத்திருக்கிறார், அனுப்பலாமா என்று கேட்டார். ஸ்கோப்பில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“என்னமோ சரியில்லண்ணா. என் கண்ணுக்குப் பிடிக்கல,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் திரையில் அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தார். இப்போதெல்லாம் அவருக்கும் அது படிக்கத் தெரியும். நிமிர்ந்து போய்விட்டார்.

நான் போனை எடுத்து அவளுக்குச் சரி என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “நெசமாவாக்கா? ஒண்ணுகூட இல்லியா?”

அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.